வாடகைச் சீட்டு: போன சாமான் குறைந்தும் உடைந்தும் வந்தால் எவ்வளவு பிடிப்பது?

பாத்திரக்கடை தம்பி
எல்லாருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா நடத்திய வாடகைப் பாத்திரக் கடையைப் போன வருசத்தில் இருந்து நான் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதணி விழாவுக்குச் சாமான் போனது, அதில் இப்போது தகராறு. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், நான் எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள்.

போனது: சேர் 150, டேபிள் 12, பாத்திரம் ஒரு செட் (ஈயம் பூசிய பித்தளை அண்டா ஒன்று, அலுமினிய தேக்சா மூன்று, வாளி ஆறு, கரண்டி வகையறா), சீரியல் செட் 20, போக்கஸ் லைட் 4. வாடகை மொத்தம் 4,000. அட்வான்ஸ் 3,000 வாங்கினேன். திரும்பி வந்தபோது சேர் 148, அதில் ஒன்று நம்முடையது இல்லை, நிறமே வேறு. நம் சேரில் மூன்று உடைசல். வாளி இரண்டு வரவில்லை, ஜல்லிக்கரண்டி ஒன்று இல்லை. அண்டாவில் ஈயம் போயிருக்கிறது. சீரியல் ஐந்து எரியவில்லை.

நான் போட்ட கணக்கு: காணாமல் போனது மூன்று, உடைந்தது மூன்று, ஆக ஆறு சேருக்குப் புது விலை 500 வீதம் 3,000. வாளிக்கு 800, கரண்டிக்கு 350, ஈயம் பூச 600, சீரியல் ஐந்துக்கு 1,250. மொத்தம் 6,000. அட்வான்ஸ் போக இன்னும் 3,000 கொடுங்கள் என்று கேட்டேன். வாடகையே நாலாயிரம்தான், சேதம் ஆறாயிரமா என்று அந்த வீட்டுப் பெரியவர் கடை வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டார். நீ அனுப்பியதே 148தான் என்கிறார். சீட்டில் 150 என்று இருக்கிறது, கீழே ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்து அவர் வீட்டுப் பையன் கையெழுத்தும் இருக்கிறது. இது போதாதா?

ரேடியோசெட் மணி
தாராளமாகப் போதும் தம்பி. கையெழுத்து இருக்கிறது, வேறு என்ன வேண்டும். நான் இருபது வருசமாக லைட், ரேடியோ செட் தொழில் செய்கிறேன், உடைந்தால் புது விலை, தொலைந்தால் புது விலை, இதில் பேச்சே கிடையாது. ஒரு தடவை இளகினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் எவனும் சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டான். சட்டப்படியும் கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு.

புதுமனை
எனக்கும் ஷீட் வாடகையில் இதே பிரச்சினை. வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தகர ஷீட் 30 வாங்கிப் பந்தல் போட்டோம், திருப்பிக் கொடுக்கும்போது எட்டு ஷீட்டில் ஓட்டை என்று அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். ஆணி அடித்தது அவர்கள் ஆட்களேதான். இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

பாத்திரக்கடை தம்பி
நான் கேட்டது தகர ஷீட் இல்லை அண்ணா, சாமான் எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஆனால் நீங்கள் சொன்னதும் ஒருவகையில் இதுதான், நான் அந்தப் பக்கம் நிற்கிறேன், நீங்கள் இந்தப் பக்கம்.

கும்பகோணம் அக்கா
தம்பி, நானும் வீட்டுக்காரரும் 22 வருசமாக இந்தக் கடை வைத்திருக்கிறோம், சீட்டு எழுதுவது முழுக்க நான்தான். உன் சீட்டில் குறை இருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, வாடகை இருக்கிறது. எப்படிப்பட்ட சேர் போனது என்று இல்லை. 150 சேரும் ஒரே வயசா? எண்ணியது யார், வண்டியில் ஏற்றும்போது நீயா, வீட்டில் இறக்கும்போது அவர்களா? கையெழுத்துப் போட்ட பையன் எண்ணினானா, இல்லை குட்டியானை டிரைவர் நீட்டியதும் போட்டானா? உண்மையைச் சொல்.

பாத்திரக்கடை தம்பி
டிரைவர் நீட்டினார், பையன் போட்டுவிட்டான் அக்கா. ராத்திரி எட்டு மணி, அவர்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் ஏற்றும்போது அடுக்கு பத்தாக 15 அடுக்கு என்று நான் பார்த்தேன். அடுக்கில் ஒன்று குறைந்திருந்தால் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கும்பகோணம் அக்கா
அடுக்கை மேலிருந்து பார்த்தால் பத்தும் ஒன்பதும் ஒரே உயரமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று கைப்பிடி விளிம்பை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். நாங்கள் வண்டியிலிருந்து இறக்கும்போதுதான் கையெழுத்து வாங்குவோம், அதுவும் வீட்டு ஆள் ஒருவர் கூட நின்று எண்ணிய பிறகு. பத்து நிமிசம் கூடுதலாகும், டிரைவர் முனகுவார், முனகட்டும்.

இப்போது உன் சாமானுக்கு வருகிறேன். காசு கேட்கும் முன்னால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்.

முதலில் அந்த மூன்று உடைந்த சேர். உடைந்த இடத்தைப் பார். சேரின் மேல்புறத்தைக் கையால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டுகிறதா, உடைந்த விளிம்பு ஓடு மாதிரி நறுக்கென்று இருக்கிறதா? அப்படியென்றால் அது வெயிலில் காய்ந்து உளுத்துப்போன சேர். யார் உட்கார்ந்தாலும் அன்றைக்கு உடைந்திருக்கும், உன் கடையிலேயே உடைந்திருக்கலாம். அதற்கு அந்த வீட்டில் காசு கேட்கக் கூடாது. நல்ல பிளாஸ்டிக் அப்படி உடையாது, முதலில் வளையும், வளைந்த இடத்தில் நிறம் வெளுத்து வெள்ளைக் கோடாக நிற்கும், அப்புறம்தான் கிழியும். வெள்ளைக் கோடு இருந்தால் யாரோ மேலே ஏறி நின்று தோரணம் கட்டியிருக்கிறார்கள், அல்லது இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குக் கேட்கலாம்.

அடுத்தது அண்டா. உள்ளே எங்கே ஈயம் போயிருக்கிறது? கரண்டி சுற்றுகிற பக்கவாட்டில் வளையம் வளையமாகப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் அது தேய்மானம், நீதான் பூசி வைத்திருக்க வேண்டும். அடியில் ஈயம் உருகிச் சின்னச் சின்ன முத்தாகத் திரண்டிருந்தால் வெறும் அண்டாவை அடுப்பில் ஏற்றி மறந்திருக்கிறார்கள். ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீரோ குழம்போ உள்ளே இருக்கிற வரைக்கும் அந்தச் சூட்டுக்கு அடி போகவே போகாது. ஆகவே முத்து இருந்தால் உன் பக்கம் நியாயம், 600 கேள்.

மாஸ்டர் மகன்
எங்கள் அப்பா சமையல் மாஸ்டர், நானும் பத்து வருசமாகக் கூடப் போகிறேன். தம்பி, அந்த வீட்டுக்காரரைக் கேட்பதற்கு முன்னால் சமையல்காரரைக் கேட்டீர்களா? பாத்திரம் வேண்டும் என்று லிஸ்ட் எழுதிக் கொடுப்பது மாஸ்டர், பின்கட்டில் வாங்கி வைப்பது மாஸ்டரின் ஆள், விசேசம் முடிந்ததும் கழுவிக் கவிழ்ப்பதும் அவர்கள்தான். வீட்டுக்காரர் ஜல்லிக்கரண்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். எங்களிடமும் சொந்தக் கரண்டி ஒரு சாக்கு நிறைய இருக்கும், ராத்திரி தூக்கத்தில் கழுவும்போது வாடகைக் கரண்டியும் அதில் போய்விடும், எடுக்க வேண்டும் என்று யாரும் எடுப்பதில்லை. வீட்டில் வந்து கொட்டினால் யாரோ ஒரு கடையின் எழுத்து வெட்டிய கரண்டி நாலைந்து கிடக்கும். உங்கள் கரண்டியில் எழுத்து வெட்டியிருக்கிறதா?

அப்புறம் வாளி. காதணி விழா என்றால் மிச்சச் சாம்பாரும் பாயசமும் வாளியோடு தாய்மாமன் வீட்டுக்குப் போயிருக்கும். இரண்டு நாள் பொறுங்கள், கழுவி வரும்.

பாத்திரக்கடை தம்பி
எழுத்து வெட்டியிருக்கிறது, அப்பா எல்லாவற்றிலும் காம்புப் பக்கம் உளியால் கடைப் பேரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார். மாஸ்டருக்கு இப்போதே போன் போடுகிறேன். அண்டாவைப் பார்த்தேன் அக்கா, அடியில் மிளகு அளவுக்கு ஏழெட்டு முத்து, ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருக்கிறது. சேரையும் தேய்த்துப் பார்த்தேன், இரண்டில் கை வெள்ளையாகிறது. மூன்றாவதில் பின்காலுக்கு மேலே வெள்ளைக் கோடு.

ரேடியோசெட் மணி
இப்படி ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் கடை நடத்த முடியாது. சேர் போகும்போது கால் நாலும் இருந்தது, வரும்போது மூன்று இருக்கிறது. கணக்கு முடிந்தது.

வழக்குக் கட்டு
மணி சார் சொல்வதில் பாதி சரி, பாதி சரியில்லை. நான் உரிமையியல் வழக்கு பார்க்கிறவன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. சாமானை வாங்கியவர், சாதாரணமாக ஒரு புத்தியுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. அப்படிப் பார்த்துக்கொண்டும் கெட்டுப்போனால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அவர் பொறுப்பில்லை என்கிறது 152. அதனால்தான் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமாகிறது. தம்பியின் சீட்டில் சேதத்துக்கு எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. 500 என்பது சாமான் திரும்பி வந்த பிறகு அவர் மனதில் வந்த தொகை.

முன்கூட்டியே எழுதி வைத்தாலும் அது உச்சவரம்புதான். எழுதிய தொகைக்குள் நியாயமான நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும் என்கிறது 74. நாலு வருசம் ஓடி வாடகை சம்பாதித்துக் கொடுத்த சேருக்குப் புதுச் சேர் விலை என்பது நியாயமான நஷ்டம் ஆகாது.

இன்னொன்று, லைட் ஆட்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது. வாடகைக்கு விடுகிற பொருளில் இருக்கிற குறையால் யாருக்காவது கேடு வந்தால், அந்தக் குறை தனக்குத் தெரியாது என்று சொல்லி விட்டவர் தப்ப முடியாது. அது 150. சீரியல் வொயரில் மூடாத ஜாயின்ட் ஒன்று இருந்து ஒரு குழந்தை தொட்டுவிட்டால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரேடியோசெட் மணி
ஜாயின்ட் விஷயத்தில் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன் சார். டேப் சுற்றாத வொயர் என் கடையை விட்டுப் போகாது. ஆனால் தேய்மானம் கழிப்பது என்றால் யார் கழிப்பது, எத்தனை வருசத்துக்கு எவ்வளவு? ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். சீட்டில் அதை எப்படி எழுதுவீர்கள்?

கும்பகோணம் அக்கா
அது எளிது மணி அண்ணே. எங்கள் சீட்டில் ஒவ்வொரு சாமான் பேருக்கும் எதிரே நாலு கட்டம். போனது, வந்தது, வாடகை, தொலைந்தால். நாலாவது கட்டத்தில் இன்றைக்கு அந்தச் சாமான் என்ன பெறுமோ அதை எழுதி வைப்பேன். புதுச் சேருக்கு 450, இரண்டு வருசம் ஓடியதற்கு 300, அதற்கு மேல் பழசுக்கு 150. வாங்கிய வருசத்துக்கு ஒரு நிறப் பெயின்ட் சேரின் அடியில் கோடாக அடித்திருக்கிறோம், ஆகவே ‘சிவப்புக் கோடு 100 சேர், பச்சைக் கோடு 50 சேர்’ என்று எழுதிவிடுவேன். உடைந்தால் அதில் பாதி. கையெழுத்துப் போடுகிறவர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார், அதனால் பின்னால் சத்தம் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைவு.

இதில் இன்னொரு லாபம் உண்டு. வேறு கடைச் சேர் கலந்து வந்தால் கவிழ்த்துப் பார்த்த உடனே தெரியும். தம்பி, அந்த நிறம் மாறிய சேரைத் தூக்கி மூலையில் போடாதே. அதே தெருவில் அன்றைக்கு வேறு விசேசம் இருந்ததா என்று கேள். அவர்கள் சேர் உன்னிடம் என்றால் உன் சேர் அவர்களிடம்.

கல்யாண வீட்டு அப்பா
நான் கடைக்காரர் இல்லை, மார்ச்சில் மகள் கல்யாணம் முடித்தவன். எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். விசேச வீட்டில் சாமான் இறங்கும்போது பொறுப்பான ஆள் யாரும் வாசலில் இருக்க மாட்டோம். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி எங்களுக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இருநூறு சேரை யார் கவிழ்த்துப் பார்ப்பது? எங்களுக்குச் சீரியல் லைட்டுக்குத்தான் அதிகம் பிடித்தார்கள். அவர்கள் ஆளே வந்து கட்டினார், அவரே அவிழ்த்தார், எட்டு எரியவில்லை என்று கடையில் போய்ச் சொன்னார். நான் எப்படி இல்லை என்பேன், ஆமாம் என்பேன்?

ரேடியோசெட் மணி
ஐயா சொல்வது நியாயம். அதற்கு வழி ஒன்றுதான், கட்டி முடித்ததும் வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எரியவிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவிழ்க்கும் முன்னாலும் அதேபோல எரியவிட்டு. அவிழ்த்துச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு சோதித்தால், சுருட்டியபோது விட்ட வொயரும் வீட்டுக்காரர் தலையில் விழும். என் பையன்கள் சேலைப் பின்னல் மாதிரி இறுக்கிச் சுருட்டுவார்கள், அதிலேயே பாதி வொயர் போகும், அது எனக்கும் தெரியும்.

தம்பி, உன் ஐந்து சீரியலையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயா? முழுசாகவே எரியவில்லையா, துண்டாகவா?

பாத்திரக்கடை தம்பி
இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒரு துண்டு மட்டும் இருட்டு, மீதி எரிகிறது. ஒன்று முழுக்கவே இல்லை. இன்னொன்று எரிகிறது ஆனால் பெட்டியில் கை வைத்தால் ஈரம், மினுக்கு நின்று நின்று வருகிறது. அன்று விடிகாலையில் தூறல் இருந்தது.

ரேடியோசெட் மணி
துண்டு இருட்டு என்றால் அந்தத் துண்டுக்குள் ஒரு வொயர் விட்டிருக்கிறது அல்லது ஒரு பல்பு போயிருக்கிறது. பற்றவைத்தால் சரி, ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. அதற்கு 250 கேட்டது தப்பு, அதை நானே சொல்கிறேன். முழுக்க இல்லாதது போகும்போது எரிந்ததா என்று உனக்கே தெரியாது, விட்டுவிடு. ஈரப் பெட்டியைத் திற. உள்ளே செம்பு வொயர் நுனியில் பச்சைப் பூத்திருந்தால் அது ஒரு ராத்திரித் தூறலில் வந்ததில்லை, முன்னாடியே தண்ணீர் போயிருக்கிறது. செம்பு பளபளப்பாக இருந்து கருகல் வாடை அடித்தால் அன்றைக்குப் போனது.

பாத்திரக்கடை தம்பி
திறந்தேன். இரண்டு நுனியில் பச்சை இருக்கிறது, கருகல் வாடையும் இருக்கிறது.

வழக்குக் கட்டு
அப்படியென்றால் அதை நிரூபிக்க முடியாது. மேலும் மழையில் நனையும்படி பெட்டியைக் கட்டியது உங்கள் ஆள் என்றால் வீட்டுக்காரர் பொறுப்பு எங்கே வருகிறது?

ரேடியோசெட் மணி
தூறல் வந்ததும் சுவிட்சை அணைக்க வேண்டியது வீட்டு ஆள். நாங்கள் கட்டும்போதே சொல்லிவிட்டுத்தான் வருகிறோம்.

கல்யாண வீட்டு அப்பா
என்னிடம் யாரும் சொன்னதில்லை. சுவிட்ச் எங்கே இருந்தது என்றே தெரியாது.

பாத்திரக்கடை தம்பி
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மாஸ்டர் சாக்கில் கரண்டி இருந்தது, ஆள் மூலம் கொடுத்து அனுப்பிவிட்டார். வாளி இரண்டும் செவ்வாய்க்கிழமை வந்தது, சொன்ன மாதிரியே தாய்மாமன் வீட்டிலிருந்து, ஒன்றில் பாயச வாடை போகவில்லை. அந்த வேற்றுநிறச் சேர் இரண்டு தெரு தள்ளி நடந்த வளைகாப்பு வீட்டுடையது. அவர்களுக்குச் சாமான் அனுப்பிய கடையில் நம் சேர் ஒன்று இருந்தது, மாற்றிக்கொண்டோம்.

ஆகவே காணாமல் போனது இரண்டு சேர், ஒன்றுக்கு 300 வீதம் 600. வெள்ளைக் கோடு விழுந்த சேருக்குப் புது விலையில் பாதி 250 போட்டேன். ஈயத்துக்கு 600, சீரியல் மூன்றுக்கு 150. மொத்தம் 1,600. ஈரப் பெட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியவர் வீட்டுக்கே போய், அண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்த முத்தைக் காட்டினேன். அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி அவர் தங்கையைக் கூப்பிட்டார். காலையில் வெந்நீர் போடப் பற்றவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்ததாக அந்தம்மாவே சொன்னார்கள். மீதி 1,400 ரூபாயைக் கையில் கொடுத்தேன். ஆனால் இரண்டு சேர் தன் வீட்டுக்கு வரவே இல்லை என்பதில் அவர் நின்றார், அந்த 600ஐ மனசில்லாமல்தான் விட்டார். நான் எண்ணியதும் அடுக்குக் கணக்குத்தான் என்பதால் எனக்கும் அதில் உறுத்தல் இருக்கிறது.

கும்பகோணம் அக்கா
எண்ணிப் பார்க்காமல் அனுப்பிய சேருக்கு நான் வாங்கியிருக்க மாட்டேன் தம்பி. அந்த 600ஐயும் திருப்பிக் கொடுத்துவிடு.

ரேடியோசெட் மணி
அக்கா, கையெழுத்து 150க்குத்தானே. அவர் பக்கத்திலும் ஒருவரும் எண்ணவில்லையே. பாதிப் பாதி என்று 300 திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது.

மாஸ்டர் மகன்
தம்பி, அடுத்த தடவை பாத்திரத்துக்குத் தனிச் சீட்டு எழுதுங்கள், அதில் மாஸ்டர் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கும் அது நல்லது, போகும்போது சாக்கைத் திறந்து சரிபார்ப்போம்.

பாத்திரக்கடை தம்பி
சரி அண்ணா. புதுச் சீட்டுக்கு அச்சகத்தில் கொடுத்துவிட்டேன், நாலு கட்டம், கார்பன் வைத்து இரண்டு படி, பாத்திரம் தனி, லைட் தனி. லைட் சீட்டில் ‘மழை வந்தால் அணைக்க வேண்டிய சுவிட்ச் இருக்குமிடம்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறேன், கட்டுகிற ஆள் அதைக் கையால் எழுதி வீட்டு ஆளிடம் காட்ட வேண்டும். வருகிற முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் இருக்கிறது, இன்று சாயங்காலத்தில் இருந்து சேருக்கு அடியில் பெயின்ட் அடிக்க உட்காருகிறோம். சுண்ணாம்பாகத் தேய்ந்து வருகிற சேர் இதுவரைக்கும் 23 தனியாக எடுத்து வைத்தாயிற்று. அந்த 600 பற்றி அப்பாவிடம் கேட்டேன், நாளைக் காலையில் அவரே பெரியவரைப் பார்க்கப் போகிறேன் என்றார்.